‘கொண்டுபோய்த் தள்ளுவது’ என்ற சொல்லைப் பற்றி

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. மறதிநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பகலில் வீட்டில் யாரும் இல்லை. முதியோர் இல்லம் என்று வாயெடுத்தாலே அத்தையும் தம்பியும் “பெற்றவளைக் கொண்டுபோய்த் தள்ளப் போகிறாயா?” என்கிறார்கள். நான் நினைப்பது தப்பா? இப்போதெல்லாம் மற்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

பதில்: நீங்கள் எழுதியதில் அம்மாவுக்கு இல்லம் ஒத்துவருமா என்ற கேள்வியைவிட, அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்ற கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் முன்னால் வந்து உட்காரும் மகன்கள், மகள்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இரண்டுக்குமே தவறான விடை கிடைக்கும் என்பது என் அனுபவம்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் மருத்துவச் சமூகப் பணியாளராக இருந்தேன். அதன்பின் பதினான்கு ஆண்டுகளாகத் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள இல்லங்களில் சேர்க்கைக்கு வரும் குடும்பங்களோடு பேசுவதுதான் என் வேலை. இந்த வேலையில் ஒரு குறை உண்டு. வீட்டிலேயே நன்றாக இருந்து, வீட்டிலேயே கண்மூடிய முதியவர்களை நான் பார்ப்பதில்லை. வீட்டில் முடியாமல் போனவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். ஆகவே என் பார்வை ஒரு பக்கம் சாய்ந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘தள்ளுவது’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். நம் ஊரில் முதியோர் இல்லம் என்பதே, யாரும் இல்லாதவர்களுக்காக உண்டான இடம். 1812இல் சென்னையில் தொடங்கிய ‘பிரெண்ட் இன் நீட்’ சங்கம், கதியற்ற ஐரோப்பியர்களையும் ஆங்கிலோ இந்தியர்களையும் மனத்தில் வைத்து உண்டானது. பின்னால் வந்த கன்னிமார் மடங்களின் இல்லங்கள் ஏழைகளுக்கானவை. 1978இல் சாவித்திரி வைத்தி சென்னையில் தொடங்கிய விஸ்ராந்தியும் ஆதரவற்ற முதிய பெண்களுக்கானதுதான். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்கூட மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அரசு அமைக்கலாம் என்று சொல்லும்போது, வறியவர்களான முதியவர்களையே குறிப்பிடுகிறது. ஆக, இலவச இல்லத்தின் வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வியே “உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?” என்பதுதான். “இல்லை” என்று சொன்னால்தான் உள்ளே இடம். பெற்ற தாயை வாசலில் நிறுத்தி, “நான் பக்கத்து வீட்டுக்காரன், இந்த அம்மாவுக்கு யாருமில்லை” என்று சொன்ன மகனை நானே பார்த்திருக்கிறேன். அந்த அம்மா பேசாமல் நின்றுகொண்டிருந்தார். உங்கள் அத்தையின் கோபத்துக்கு அடியில் இருப்பது இந்தக் காட்சிதான். மகன் இருந்தும் மகன் இல்லாதவள் என்று எழுதிக் கொடுப்பதாக அவருக்குப் படுகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிக்கும் இல்லங்கள் வந்து பல ஆண்டுகள் ஆகியும், பெயர் அதேதான் என்பதால் பழியும் அதனோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

இன்னொரு வேரும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “நம் குடும்பத்தில் பெரியவர்களை நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்று சொல்பவர் யார், இரவில் எழுந்து நனைந்த பாயை மாற்றுபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருவரும் வேறு வேறு ஆட்கள். சொல்பவர் மகனோ மகளோ நாத்தனாரோ, செய்பவர் மருமகள். அவர் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அந்தப் பழைய ஏற்பாடு ஆட்டம் கண்டது. அந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் பொன்னாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. விருதுநகர்ப் பக்கத்தில் படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாவுக்கு அனுப்பிவைத்த ‘தலைக்கூத்தல்’ நடந்தது வீட்டுக்குள்தான், உறவினர்கள் சூழத்தான்.

களங்கம் என்பது மனவருத்தத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். அது குடும்பங்களைத் தாமதிக்க வைக்கிறது. தாமதத்தால் முடிவு கெடுகிறது. கெட்ட முடிவைப் பார்த்த உறவினர்கள் “பார்த்தாயா, இல்லத்தில் போட்டார்கள், போய்விட்டாள்” என்கிறார்கள். அடுத்த குடும்பம் இன்னும் தாமதிக்கிறது. இந்தச் சுழற்சியை ஒரு குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, 76 வயது. மகன் வங்கியில் வேலை, மருமகள் பள்ளியில். முதலில் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டார். பிறகு ஓய்வூதியப் புத்தகத்தை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, வேலைக்காரப் பெண்ணைத் திருடி என்றார். மகன் எல்லோரிடமும் “வயதானால் மறதி வரத்தானே செய்யும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓராண்டு கழித்து, அம்மா விடியற்காலை மூன்று மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று வாசல் தாழ்ப்பாளை இழுக்க ஆரம்பித்தார். ஒருநாள் கேஸ் அடுப்பு திறந்தே கிடந்தது. அப்போதுதான் டாக்டரிடம் போனார்கள், டிமென்ஷியா என்றார். அந்தச் சொல்லையும் குடும்பம் வெளியில் சொல்லவில்லை. கல்யாணங்களுக்கு அவரை அழைத்துப்போவதை நிறுத்தினார்கள்.

ஏஜென்சி மூலம் ஆள் வைத்தார்கள். முதலில் பகலுக்கு மட்டும், பிறகு இரவும் பகலும். சம்பளம் மாதம் 24,000 ரூபாய், சாப்பாடு தனி. பதினான்கு மாதத்தில் பதினொரு பேர் மாறினார்கள். மறதிநோய் உள்ளவருக்கு ஒவ்வொரு புதிய முகமும் வீட்டுக்குள் நுழைந்த அந்நியர். ஒவ்வொரு முறையும் சண்டை, சாப்பிட மறுப்பு. மருமகள் வேலையை விட்டார். அந்தச் சமயத்தில் மகன் ஒருமுறை என்னிடம் வந்து, ஓர் இல்லத்தின் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டார். போய்ப் பார்க்கவில்லை. தாய்மாமன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் இரவில் குளியலறையில் அம்மா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நடந்தது, ஆனால் நடக்கச் சொன்னால் ஏன் நடக்க வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை. பதினெட்டு நாள் படுக்கை. முதுகின் அடிப்பகுதியில் படுக்கைப்புண் வந்தது. சிறுநீருக்குக் குழாய். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று தெரிந்ததும், மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸில் நேராக இல்லத்துக்கு வந்தார்கள். அம்மாவிடம் “இது வேறு வார்டு, பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்னார்கள். முப்பத்தொன்றாம் நாள் நிமோனியாவில் இறந்தார். காரியத்துக்கு வந்த தாய்மாமன் சொன்னது எனக்கும் கேட்டது: “வீட்டில் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பாள்.”

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, முடியாதது எது? இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிலிருந்து நான்கில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறக்கிறார்கள் என்பது பல நாடுகளில் பதிவான அளவு. மறதிநோயும் இருந்தால் இன்னும் மோசம். ஆகவே இல்லம்தான் கொன்றது என்பது சரியில்லை. எட்டு மாதம் முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நானும் சத்தியம் செய்ய முடியாது. இல்லத்திலும் முதியவர்கள் விழத்தான் செய்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: எட்டு மாதம் முன்பு வந்திருந்தால் அவர் தன் காலால் நடந்து உள்ளே வந்திருப்பார். ஊழியர்களின் முகங்களைப் பழகிக்கொள்ளும் அளவுக்கு நினைவு மிச்சம் இருந்திருக்கும். ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். களங்கத்துக்குப் பயந்த குடும்பம் அவரிடமிருந்து பறித்தது அந்த வாய்ப்பைத்தான்.

இனி உங்கள் அம்மா. அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, அதைத் தெரியாமல் ‘சேருங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொன்னால் நான் பொய்யன். பொதுவாக, ஆரம்பக் கட்டத்தில் பழகிய வீடே பாதி மருந்து. எந்த அலமாரியில் காபிப்பொடி, எந்தத் திருப்பத்தில் பிள்ளையார் கோயில் என்பது உடம்புக்குத் தெரியும். மனம் மறந்தாலும் கால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தக் கட்டத்தில் பகலுக்கு ஒரு பழகிய ஆள், அல்லது உங்கள் ஊரில் இருந்தால் பகல்நேரப் பராமரிப்பு மையம் போதும். கணக்கு மாறும் இடங்கள் சில உண்டு: இரவில் தூங்காமல் வெளியே போக முயல்வது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு போவது, அடுப்பும் மருந்தும் ஆபத்தாவது, பார்த்துக்கொள்பவர் அடிக்கக் கை ஓங்கிவிட்டு அழுவது. கடைசியாகச் சொன்னதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் அது ஒருமுறை நடந்திருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

முதியோர் இல்லம் என்று பலகை மாட்டிய எல்லா இடமும் உங்கள் அம்மாவைச் சேர்த்துக்கொள்ளாது. பல இல்லங்களின் விதியே “தன் வேலைகளைத் தானே செய்துகொள்பவராக இருக்க வேண்டும்” என்பது. இதை மறைத்துச் சேர்த்துவிட்டு மூன்றாம் வாரத்தில் “அழைத்துக்கொண்டு போங்கள்” என்ற தொலைபேசி அழைப்பு வந்த குடும்பங்கள் நிறைய. ஆகவே முதல் தொலைபேசியிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். மறுத்தால் நேரம் மிச்சம்.

சம்மதிக்கும் இடத்தை எப்படிப் பார்ப்பது? வரவேற்பறையையும் தோட்டத்தையும் பார்க்காதீர்கள், அவை உங்களுக்காக வைக்கப்பட்டவை. காலை பத்தரை மணிக்கு, சொல்லாமல் போங்கள். அந்த நேரத்தில் கூடத்தில் எல்லோரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால், அவர்களைச் சமாளிக்கத் தூக்க மாத்திரை அளவுக்கு மேல் போகிறதா என்று கேட்க வேண்டிய இடம் அது. கால் நகங்களைப் பாருங்கள். முகம் கழுவிப் பவுடர் பூசுவது இரண்டு நிமிட வேலை. கால் நகம் வெட்ட ஓர் ஆள் குனிந்து உட்கார வேண்டும். நகம் வளைந்து வளர்ந்திருந்தால் அங்கே யாரும் குனிவதில்லை. உதடு வெடித்திருக்கிறதா, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கவனியுங்கள். மறதிநோய் உள்ளவர் தாகம் என்று கேட்கமாட்டார், கொடுத்தால்தான் குடிப்பார். பிறகு இரவு எட்டு மணிக்கு இன்னொரு முறை போய், இந்த இரவுக்கு எத்தனை ஊழியர்கள், அவர்கள் பொறுப்பில் எத்தனை முதியவர்கள் என்று கேளுங்கள். பகல் கணக்கைத்தான் எல்லோரும் சொல்வார்கள். படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கும் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு வாரத்துக்கும் எழுதியிருந்தால் உட்கார்ந்த இடத்தில் நிரப்பியது.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள். டயப்பர், மருந்து, மருத்துவமனைச் செலவு மாதக் கட்டணத்துக்குள் வருமா, தனியா? முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும்? நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் உடன் போவது யார்? இறந்தால் உடலை எங்கே வைப்பார்கள், எத்தனை மணி நேரம்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகளுக்குத் தொண்டை அடைக்கும், எனக்குத் தெரியும். கேட்காமல் விட்டவர்கள் அந்த இரவில் படும் பாடு அதைவிடப் பெரிது.

அம்மாவிடம் சொல்வதைப் பற்றி. “பத்து நாள்தான்” என்ற பொய்யை நம் குடும்பங்கள் இரக்கத்தால் சொல்கின்றன. மறதிநோய் உள்ளவருக்கு நாள் கணக்கு மறக்கும், ஏமாற்றப்பட்ட உணர்வு மறப்பதில்லை; ஏன் கோபம் என்று தெரியாமலே கோபமாக இருப்பார். அதற்காக நோயின் விவரம் முழுவதையும் உட்காரவைத்து விளக்கவும் வேண்டாம். “இங்கே உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், நான் ஞாயிற்றுக்கிழமை வருவேன்” என்ற அளவில் சின்ன உண்மை போதும். சேர்ப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை பகலில் அழைத்துப்போய் அங்கே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பிறகு ஒரு மாதம் தற்காலிகமாகத் தங்கவைத்துப் பாருங்கள். பல இல்லங்கள் இதற்குச் சம்மதிக்கின்றன. அவருடைய தலையணை, காபி டம்ளர், பூஜைப் படம், பழைய போர்வை ஆகியவை கூடப் போகட்டும். போர்வையைத் துவைத்து அனுப்பாதீர்கள், வீட்டு வாசனை அதில் இருக்க வேண்டும்.

“முதல் பதினைந்து நாள் யாரும் பார்க்க வராதீர்கள், அப்போதுதான் பழகுவார்” என்று சில இல்லங்களில் சொல்வார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் எதிர்த்துச் சொல்லவும் என்னிடம் அனுபவத்தைத் தவிர உறுதியான ஆதாரம் இல்லை. நான் பார்த்தவரை, சிறிது நேரமாக இருந்தாலும் அடிக்கடி வருபவர்களின் பெற்றோர்தான் சீக்கிரம் தேறினார்கள். காலையில் போங்கள். மாலை மங்கும் நேரத்தில் மறதிநோயாளிகளுக்கு இயல்பாகவே பதற்றம் கூடும்; அந்த நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பினால் “என்னையும் கூட்டிக்கொண்டு போ” என்ற அழுகையோடுதான் திரும்புவீர்கள், அதைப் பார்த்து முடிவையே மாற்றிக்கொள்வீர்கள்.

தம்பிக்கு வருகிறேன். “தள்ளுவது” என்று சொல்வதில் பாதி பாசம் என்றால், மீதி பெரும்பாலும் சொத்தைப் பற்றிய சந்தேகம். என் அனுபவத்தில், வீட்டை ஒரு பிள்ளை பெயருக்கு எழுதி வாங்கிய பின் பெற்றோர் இல்லத்துக்கு வந்த குடும்பங்களில்தான் பழி தலைமுறைக்கும் நிற்கிறது. நான் வழக்கறிஞன் அல்லன், ஆனால் இந்த வேலையில் இருப்பவனுக்குத் தெரிந்தாக வேண்டிய அளவுக்குச் சட்டம் தெரியும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் முறையிட்டு ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்தது என்று நிறுவ வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிக்கொடுத்த சொத்தைத் தாய்க்குத் திரும்பக் கிடைக்கச் செய்தது. உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: நோய் உறுதியான பிறகு அம்மாவிடம் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள். நாளை அது செல்லுமா என்ற சட்டச் சிக்கல் ஒருபுறம். வீட்டை அம்மா பெயரிலேயே விட்டுவைத்திருப்பவரைப் பார்த்துத் தள்ளிவிட்டாய் என்று சொல்வது, சொல்பவருக்கே கொஞ்சம் கடினமாகிவிடும்.

அதே சட்டம் ‘தள்ளுவது’ என்றால் என்ன என்பதையும் ஏறத்தாழச் சொல்லிவிடுகிறது. 24ஆம் பிரிவு தண்டிப்பது, முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போவதை. மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கட்டணம் கட்டி, வாரம் ஒருமுறை வந்து, மருந்து மாற்றும்போது டாக்டரிடம் பேசுகிறவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். கைவிடுபவர் வீட்டுக்குள்ளேயே இருந்தும் கைவிடலாம். பின்கட்டு அறையில் தட்டை மட்டும் தள்ளிவிட்டுப் போகும் வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். இன்னொன்று, பராமரிக்கும் கடமை மூத்த பிள்ளைக்கு மட்டுமானதல்ல. மகன், மகள் எல்லோரையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். இதை வைத்துத் தம்பியை மிரட்டச் சொல்லவில்லை. “அம்மா இந்த மாதம் பத்து நாள் உன் வீட்டில் இருக்கட்டும், அதன்பின் உட்கார்ந்து பேசுவோம்” என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பத்து இரவுகளுக்குப் பிறகு வரும் தம்பி வேறு தம்பியாக இருப்பார். அவர் உண்மையிலேயே நன்றாகப் பார்த்துக்கொண்டுவிட்டால் அதுவும் நல்லதுதானே? இல்லத்தின் தேவையே இல்லாமல் போகலாம்.

காலம் மாறுகிறதா என்று கேட்டீர்கள். மாறுகிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இல்லை. கோயம்புத்தூரைச் சுற்றி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மூத்தவர்களுக்கென்றே குடியிருப்புகள் எழும்பின. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தம்பதிகள், உடம்பு நன்றாக இருக்கும்போதே அங்கே வீடு வாங்கிப் போகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் ‘தள்ளிவிட்டார்கள்’ என்று சொல்வதில்லை. “செட்டில் ஆகிவிட்டார்கள்” என்கிறார்கள். பெயரும் மாறிவிட்டது, ‘ரிட்டயர்மென்ட் ஹோம்’, ‘சீனியர் லிவிங்’. இதைப் பார்த்து மனப்பான்மை மாறிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. பணம் கொடுத்தால் களங்கம் கழன்றுவிடுகிறது என்பதுதான் அதில் பாதி. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டியின் தெருவில் அந்தச் சொல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உண்மையான மாற்றம் என்று நான் நம்புவது வேறு ஒன்று. முடிவெடுப்பவர் மாறுகிறார். நான் வேலைக்கு வந்த புதிதில் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகள். இப்போது முதியவர்களே வருகிறார்கள், அதிலும் கணவரை இழந்த பெண்கள் அதிகம். “மகன் வீட்டில் ஒரு மாதம், மகள் வீட்டில் ஒரு மாதம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை” என்று ஓர் அம்மா சொன்னார். ஆண்கள்தான் கடைசி வரை பிடிவாதம். இது நான் பழகிய இரண்டு மாவட்டங்களில் கண்டது, நாடு முழுவதற்கும் இதைப் பொருத்த மாட்டேன். காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது: 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். இன்றைக்கு எழுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு இரண்டு பிள்ளைகள்தான், அவர்களும் ஒரே ஊரில் இல்லை.

உங்கள் அத்தையோடு பேச ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், அவர் வயதுக்காரர்களுக்குப் புரியும். அவருடைய அம்மா காலத்தில் மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதே பல குடும்பங்களில் இழுக்கு. சம்பந்தி வீட்டில் கை நனைக்க மாட்டேன், மகன் ஊற்றும் கஞ்சிதான் கஞ்சி என்று இருந்தவர்கள் உண்டு. இன்று மகளோடு இருக்கும் தாய்மார்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அத்தையே அப்படி இருக்கலாம். யாரும் மாநாடு போட்டு அதை மாற்றவில்லை. செய்தவர்கள் மறைக்காமல் செய்தார்கள், பார்த்தவர்களுக்குப் பழகிவிட்டது. நீங்களும் மறைக்காதீர்கள். இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அத்தையை அழைத்துப்போய்க் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்று அவர் சொல்லும் காரணங்களைக் கேளுங்கள், சிலவற்றில் அவர் சரியாகவும் இருப்பார். சேர்த்த பிறகு முகவரியையும் பார்வை நேரத்தையும் உறவில் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். அம்மா எங்கே என்று யாரும் தேட வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியது அதிகமில்லை. டாக்டரிடம் நோயின் கட்டம் என்ன என்று எழுதி வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு அம்மாவின் இரவுகளை ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எங்கே போனார், யார் எழுந்து பார்த்தது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு தம்பியோடு பேசுங்கள். அவசரமாக வழி கேட்க வேண்டியிருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, இலவசம். நோட்டில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். வீடா இல்லமா என்பதை அதன்பின் பேசலாம்.